நிற்கும் கார் பின்னால் போகுமா?

கே: ஆர் மென்பொருளில் உள்ள cars தரவை வைத்து ரெக்ரஷன் போடச் சொன்னார்கள். வெட்டுத்துண்டு மைனஸ் 17.58 என்று வருகிறது. வேகம் பூஜ்ஜியமாக இருக்கும் கார், பிரேக் போட்டால் மைனஸ் 17 அடி போய் நிற்குமா? நான் எங்கே தப்பு செய்தேன்?
— பி.எஸ்சி. இரண்டாமாண்டு மாணவி, கும்பகோணம்

ப: நீங்கள் எங்கும் தப்பு செய்யவில்லை, காரும் செய்யவில்லை. கோடு மட்டும் தனக்குத் தெரியாத இடத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டது. நீங்கள் அனுப்பிய அட்டவணையை மற்றவர்களும் பார்க்கட்டும். இந்த மாதக் கேள்விகள் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

```
            Estimate Std. Error t value Pr(>|t|)
(Intercept) -17.5791     6.7584  -2.601   0.0123 *
speed         3.9324     0.4155   9.464 1.49e-12 ***

Residual standard error: 15.38 on 48 degrees of freedom
Multiple R-squared: 0.6511, Adjusted R-squared: 0.6438
```

இது 1920-களில் எடுத்த தரவு. மோர்டெகாய் எஸகியேல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1930-இல் வெளியிட்ட புத்தகத்தில் இருந்து வந்தது. மொத்தம் 50 பதிவுகள். வேகம் மணிக்கு இத்தனை மைல், நிற்கப் பிடித்த தூரம் இத்தனை அடி. வேகம் 4 மைலில் தொடங்கி 25 மைலில் முடிகிறது. பூஜ்ஜியத்தில் ஒரு பதிவும் கிடையாது. அங்கே யாரும் அளக்கவும் இல்லை, அளக்கவும் தேவையில்லை. நிற்கிற காரை நிறுத்த எவ்வளவு தூரம் ஆகும் என்று கேட்பவரை ஆய்வகத்துக்குள் விடமாட்டார்கள்.

வெட்டுத்துண்டு என்பது 4 முதல் 25 வரை ஓடும் கோட்டை இடது பக்கமாக இழுத்துக்கொண்டே போனால் செங்குத்து அச்சை எங்கே தொடும் என்பது மட்டும்தான். கோட்டைச் சரியான உயரத்தில் பிடித்து வைக்க அந்த எண் தேவை. அதற்குத் தனியாகப் பொருள் இருக்க இரண்டு நிபந்தனைகள்: பூஜ்ஜியம் என்பது நடக்கக்கூடிய மதிப்பாக இருக்கவேண்டும், தரவும் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். இங்கே பூஜ்ஜிய வேகம் நடக்கக்கூடியதுதான், தரவுதான் அங்கே இல்லை. அதனால் விடைத்தாளில், “வேகம் பூஜ்ஜியமாக இருக்கும்போது கணித்த தூரம் மைனஸ் 17.58 அடி, இது தரவின் எல்லைக்கு வெளியே இருப்பதாலும் தூரம் எதிர்மறையாக இருக்க முடியாது என்பதாலும் இதற்கு நடைமுறைப் பொருள் இல்லை” என்று எழுதுங்கள். முதல் பாதியை மட்டும் எழுதுகிறவருக்குப் பாதி மதிப்பெண், இரண்டாம் பாதியைச் சேர்ப்பவருக்கு மீதி.

பொருளுள்ள வெட்டுத்துண்டுதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. சராசரி வேகம் 15.4 மைல். ஒவ்வொரு வேகத்திலிருந்தும் அதைக் கழித்துவிட்டு ஓட்டுங்கள்:

```
lm(dist ~ I(speed - 15.4), data = cars)
```

சாய்வு அதே 3.93. வெட்டுத்துண்டு மட்டும் 42.98 ஆகிவிடும்: சராசரி வேகத்தில் போகும் கார் நிற்க எதிர்பார்க்கும் தூரம் 43 அடி. இதை வீட்டில் யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்லலாம்.

கே: அந்த வெட்டுத்துண்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறதே சார். பி-மதிப்பு 0.0123. முக்கியமானது என்றுதானே அர்த்தம்? நீங்கள் பொருளில்லை என்கிறீர்கள்.
— அதே வகுப்புத் தோழர்

ப: நட்சத்திரம் பதில் சொல்வது ஒரே கேள்விக்கு: “இந்த எண் பூஜ்ஜியமாகவே இருந்திருக்கலாமா?” அதற்கு அட்டவணை “அப்படித் தெரியவில்லை” என்கிறது. கார் பின்னால் போகிறது என்று அது சொல்லவில்லை.

ஆனால் உங்கள் கேள்வி கிண்டிவிட்ட விஷயம் சுவாரசியமானது. இயற்பியல்படி பூஜ்ஜிய வேகத்துக்குப் பூஜ்ஜிய தூரம்தான். அப்படியிருக்க, கோடு ஏன் இவ்வளவு உறுதியாகப் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்குகிறது? ஏனென்றால் உண்மையான உறவு நேர்கோடு இல்லை. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். பிரேக்கின் பிடி ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால் நிற்கும் தூரமும் வர்க்கத்தோடு ஏறும். அதாவது பூஜ்ஜியத்தில் தொடங்கி, முதலில் மெல்லவும் பிறகு வேகமாகவும் மேலேறும் வளைவு. அந்த வளைவின் நடுப்பகுதியில் ஒரு ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தால், இடது முனை பூஜ்ஜியத்துக்குக் கீழேதான் போய் முட்டும். உங்கள் மைனஸ் 17.58 அந்த வளைவின் தடயம்.

இன்னொரு தடயமும் இருக்கிறது. 4 மைல் வேகத்துக்குக் கோடு சொல்லும் தூரம் மைனஸ் 1.85 அடி. இது தரவின் எல்லைக்கு உள்ளேயே நடக்கிறது! அங்கே உண்மையில் அளந்தவை 2 அடியும் 10 அடியும். எல்லைக்கு வெளியே உளறினால் மன்னிக்கலாம், உள்ளேயே உளறினால் கோட்டை விசாரிக்கத்தான் வேண்டும்.

கே: சாய்வு 3.93. “வேகம் தூரத்தை 3.93 சதவீதம் பாதிக்கிறது” என்று எழுதினேன். சிவப்பு மையில் சுழித்துவிட்டார்கள். ஏன்?
— பி.காம். மாணவர், நாமக்கல்

ப: சதவீதம் எங்கிருந்து வந்தது? அட்டவணையில் அந்தக் குறியே கிடையாது. சாய்வுக்கென்று சொந்த அலகு உண்டு: ‘ஒய்’-யின் அலகு, ‘எக்ஸ்’-இன் ஒரு அலகுக்கு. இங்கே மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு 3.93 அடி. வாக்கியமாக எழுதினால்: “வேகம் மணிக்கு ஒரு மைல் கூடுதலாக இருக்கும் காருக்கு, நிற்கப் பிடிக்கும் தூரம் சராசரியாக 3.93 அடி கூடுதலாக இருக்கும்.”

அந்தச் “சராசரியாக” என்ற சொல்லை விழுங்கிவிடாதீர்கள். 24 மைல் வேகத்தில் நான்கு பதிவுகள் இருக்கின்றன: 70, 92, 93, 120 அடி. ஒரே வேகம், ஐம்பது அடி வித்தியாசம். கோடு 76.8 என்கிறது. எந்தத் தனிக் காருக்கும் அது வாக்குக் கொடுக்கவில்லை; அந்த வேகத்தில் போகும் கார்களின் சராசரியைத்தான் மதிப்பிடுகிறது.

அலகை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சோதனை. அடியை மீட்டராகவும் மைலைக் கிலோமீட்டராகவும் மாற்றி ஓட்டுங்கள். சாய்வு 3.93-இலிருந்து 0.745 ஆகச் சுருங்கும். வெட்டுத்துண்டு மைனஸ் 5.36 ஆகும். கார் அதே கார், பிரேக் அதே பிரேக். “3.93 பெரிய எண், ஆகவே பலமான உறவு” என்று எழுதியவர் இப்போது எங்கே போய் நிற்பார்? டி-மதிப்பு 9.464-உம் ஆர் ஸ்கொயர் 0.6511-உம் மட்டும் அசையாமல் இருக்கும். அவற்றுக்கு அலகு கிடையாது.

கே: Std. Error என்ற பத்தியை எங்கள் சார் தாண்டிப் போய்விட்டார். நானும் தாண்டலாமா?
— அஞ்சல்வழி மாணவி, தேனி

ப: தாண்டாதீர்கள், செலவு மிகக் குறைவு. சாய்வு 3.93, அதன் திட்டப்பிழை 0.4155. திட்டப்பிழையை ஏறத்தாழ இரண்டால் பெருக்கி இரு பக்கமும் விடுங்கள்: 3.10 முதல் 4.77 வரை. இதுதான் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. இன்னொரு 50 பதிவுகள் எடுத்திருந்தால் 3.93 வந்திருக்காது, அதன் அக்கம்பக்கத்தில் வேறொன்று வந்திருக்கும் என்பதை நினைவூட்டும் பத்தி இது. நான்கு தசம இடம் வரை சாய்வை எழுதிவிட்டு இதை விட்டுவிடுவது, நகைக்கடைத் தராசில் வைக்கோலை நிறுப்பதற்குச் சமம்.

கே: ஆர் ஸ்கொயர் 0.65. “65 சதவீதப் புள்ளிகள் கோட்டின் மேல் உள்ளன” — சரியா?
— பொறியியல் மாணவர், சிவகாசி

ப: படத்தைப் போட்டுப் பாருங்கள். கோட்டின் மேல் அச்சாக உட்கார்ந்த புள்ளி ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. “கணிப்பு 65 சதவீதம் சரி” என்று எழுதுவோரும் உண்டு, அதுவும் தவறு. ஆர் ஸ்கொயர் புள்ளிகளை எண்ணுவதில்லை, சிதறலை அளக்கிறது.

கணக்காகவே பார்ப்போம். வேகம் என்ற தகவலே உங்களிடம் இல்லை என்று வையுங்கள். எந்தக் கார் வந்தாலும் சராசரித் தூரமான 42.98 அடி என்றுதான் சொல்வீர்கள். ஒவ்வொரு காரிலும் எவ்வளவு தவறினீர்களோ அதை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 32,539. இப்போது வேகத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கோட்டைப் பயன்படுத்திக் கணிக்கிறீர்கள். அதே கூட்டல் இப்போது 11,354-க்கு இறங்குகிறது. குறைந்தது 21,185. அதை 32,539-ஆல் வகுத்தால் 0.6511. அவ்வளவுதான் ஆர் ஸ்கொயர். எழுத வேண்டிய வாக்கியம்: “நிற்கும் தூரத்தில் காருக்குக் கார் காணும் மாறுபாட்டில் 65.1 சதவீதத்தை வேகத்தோடான நேர்கோட்டு உறவு விளக்குகிறது.” மீதி 35 சதவீதம் பிரேக், டயர், சாலை, ஓட்டுநர் என்று வேறு காரணங்களுக்கு, கொஞ்சம் அந்த வளைவுக்கும்.

இங்கே ஒரு சின்ன ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. அந்த 65 சதவீதம் வர்க்கப்படுத்திய அடிகளில். நமக்கு வேண்டியது சாதாரண அடி. வேகம் தெரியாதபோது தூரத்தின் திட்டவிலக்கம் 25.8 அடி. தெரிந்த பிறகு, அட்டவணையின் அடியில் இருக்கும் Residual standard error 15.4 அடி. வழக்கமான தவறு 40 சதவீதம்தான் குறைந்தது. ஆர் ஸ்கொயரைப் பார்த்துக் கைதட்டுவதற்கு முன்னால் அந்த 15.4-ஐப் பாருங்கள். எந்தக் கணிப்பும் பத்துப் பதினைந்து அடி முன்னே பின்னே போகும் என்று சொல்லும் எண் அதுதான். அசைன்மென்ட்களில் அதற்கு அவ்வளவாக மதிப்பெண் கொடுப்பதில்லை என்பது என் பழைய மனக்குறை.

கே: 0.65 நல்ல ஆர் ஸ்கொயரா, கெட்டதா?
— அவசரக்காரர், சென்னை

ப: எதற்கு? ஆய்வகத்தில் ஸ்பிரிங் நீட்சியை அளந்து 0.65 வந்தால் கருவியைச் சந்தேகிக்கலாம். மனிதர்களின் செலவுப் பழக்கத்தில் 0.65 வந்தால் தரவைச் சந்தேகிக்கலாம்.

கே: நான் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். பூஜ்ஜிய வேகத்துக்குப் பூஜ்ஜிய தூரம் என்பதால் வெட்டுத்துண்டையே நீக்கிவிட்டேன். ஆர் ஸ்கொயர் 0.65-லிருந்து 0.8963 ஆகிவிட்டது! கூடுதல் மதிப்பெண் கேட்கலாமா?
— எம்.பி.ஏ. மாணவர், கோயம்புத்தூர்

ப: கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு முன் Residual standard error-ஐப் பார்த்தீர்களா? 15.38-இல் இருந்து 16.26-க்கு ஏறியிருக்கும். கோடு மோசமாகியிருக்கிறது, ஆர் ஸ்கொயர் மட்டும் பிரமாதமாகியிருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்?

அளவுகோலை மாற்றிவிட்டதால். வெட்டுத்துண்டு இருக்கும்போது மென்பொருள் உங்கள் கோட்டை “எல்லாக் காருக்கும் 42.98 அடி” என்று சொல்லும் ஆளோடு ஒப்பிடுகிறது. அதை நீக்கியதும் “எல்லாக் காருக்கும் பூஜ்ஜியம் அடி” என்று சொல்லும் ஆளோடு ஒப்பிடுகிறது. அவனுடைய தவறுகளின் வர்க்கக் கூட்டுத்தொகை 1,24,900-ஐத் தாண்டும். அத்தனை மட்டமான எதிராளியை யார்தான் ஜெயிக்க முடியாது? பழைய எதிராளியோடு, அதாவது 32,539-ஓடு, உங்கள் புதுக் கோட்டை மோதவிட்டால் கிடைப்பது 0.60. முன்பைவிடக் குறைவு.

வெட்டுத்துண்டு இல்லாத அட்டவணையின் ஆர் ஸ்கொயரை, இருக்கும் அட்டவணையின் ஆர் ஸ்கொயரோடு பக்கத்தில் வைத்துப் பேசக்கூடாது. சாய்வும் 2.91 ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா? பூஜ்ஜியத்தில் ஆணி அடித்ததால் கோடு வலது பக்கம் தணிந்துவிட்டது. உங்கள் இயற்பியல் சரிதான், பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம்தான். ஆனால் அதற்கு மருந்து வளைவு, ஆணி இல்லை.

கே: அப்படியானால் வளைவையே போட்டுவிட்டேன், வேகத்தின் வர்க்கத்தையும் சேர்த்து. ஆர் ஸ்கொயர் 0.667. வெறும் 0.016 கூடுதல். இதற்கா இவ்வளவு பேச்சு?
— முதுகலை மாணவி, மதுரை

ப: உங்கள் எரிச்சல் நியாயம். தரவின் எல்லைக்குள் இரண்டுக்கும் பெரிய சண்டை இல்லை. 25 மைலுக்குக் கோடு 80.7 அடி என்கிறது, வளைவு 87.8 என்கிறது. 15 அடி தவறு சகஜமாக இருக்கும் இடத்தில் ஏழு அடி யார் கண்ணிலும் படாது. அட்டவணையும் கூடுதல் உறுப்புக்கு நட்சத்திரம் தராது. 50 பதிவுகளுக்கு அவ்வளவு பலம் இல்லை.

இப்போது இரண்டையும் 60 மைலுக்கு நீட்டுங்கள். கோடு 218 அடி என்கிறது. வளைவு 417 அடி என்கிறது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆர் ஸ்கொயரில் ஏறத்தாழச் சமமாக நிற்கும் இரண்டு விதிகள், தரவு இல்லாத இடத்தில் இப்படிப் பிரிந்து போகின்றன. ஆர் ஸ்கொயர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் 25 மைலுக்கு அப்பால் அதன் அதிகாரம் செல்லாது. எதை நம்புவது என்று அங்கே தீர்ப்புச் சொல்வது இயற்பியல்தான். அதுகூட வளைவின் வடிவத்தை ஆதரிக்குமே தவிர 417 என்ற எண்ணுக்கு ஜாமீன் போடாது.

கே: அட்டவணையே எல்லாம் சொல்கிறதே. எதற்கு வரைபடமும் போடச் சொல்கிறார்கள்? பக்கத்தை நிரப்பவா?
— பெயர் வெளியிட விரும்பாதவர்

ப: 1973-இல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் நான்கு சிறிய தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். நான்கிலும் வெட்டுத்துண்டு 3, சாய்வு 0.5, ஆர் ஸ்கொயர் 0.67. படமாகப் போட்டால் முதலாவது ஒழுங்கான சிதறல், இரண்டாவது அப்பட்டமான வளைவு, மூன்றாவது ஒரே நேர்கோட்டில் போகும் புள்ளிகளுக்கு நடுவே ஒரு அடங்காப் புள்ளி. நான்காவதில் மற்ற எல்லாப் புள்ளிகளும் ஒரே ‘எக்ஸ்’-இல் அடுக்கியிருக்க, தூரத்தில் தனியாக நிற்கும் ஒரு புள்ளிதான் சாய்வு முழுவதையும் தீர்மானிக்கிறது.

நம் கார்களுக்கும் எச்சங்களை வரைந்து பாருங்கள். 4 மைலில் இரண்டு புள்ளிகளும் கோட்டுக்கு மேலே. 15 முதல் 20 மைல் வரை இருக்கும் 20 பதிவுகளில் 13 கோட்டுக்குக் கீழே. 24, 25 மைலில் ஐந்துக்கு நான்கு மறுபடி மேலே. மேல், கீழ், மேல். அட்டவணையில் எந்தப் பத்தியும் இதைச் சொல்லாது. பக்கமும் நிரம்பும், கவலைப்படாதீர்கள்.

கே: “வேகம் கூடுவதால் தூரம் கூடுகிறது” என்று எழுதினால் மதிப்பெண் போகுமா? ‘காரணம்’ என்ற சொல்லே கூடாது என்கிறார்களே.
— பி.ஏ. பொருளியல் மாணவர், தஞ்சாவூர்

ப: கார் விஷயத்தில் எழுதலாம், இயற்பியல் துணைக்கு நிற்கிறது. ஆனால் அந்தத் தைரியம் அட்டவணையிலிருந்து வந்தது என்று எழுதாதீர்கள். ஐஸ்கிரீம் விற்பனையையும் மின்விசிறி விற்பனையையும் போட்டாலும் அட்டவணை மூன்று நட்சத்திரம் கொடுக்கும்.

கே: Multiple, Adjusted என்று இரண்டு ஆர் ஸ்கொயர். எதை எழுத?
— பலர்

ப: ஒரே ஒரு ‘எக்ஸ்’ இருக்கும்போது Multiple என்று இருப்பதை. 0.6511-க்கும் 0.6438-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாறிகளைக் கூட்டிக்கொண்டே போகும் மாதிரிகளை ஒப்பிடும்போதுதான் Adjusted-க்கு வேலை வரும்.

கே: கடைசியாக ஒன்று. விபத்து நடந்த இடத்தில் டயர்த் தடத்தை அளந்து வேகத்தைக் கண்டுபிடிக்கிறார்களாமே. நம் சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால் போதுமா? ஒரு அடிக்கு 1/3.93, அதாவது 0.254 மைல்?
— சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி

ப: இந்த மாதத்தின் சிறந்த கேள்வி, பரிசு கிடையாது. தூரத்தை ‘எக்ஸ்’ ஆகவும் வேகத்தை ‘ஒய்’ ஆகவும் வைத்துப் புதிதாக ஓட்டிப் பாருங்கள். சாய்வு 0.254 வராது, 0.166 வரும். முதல் கோடு தூரத்தில் வரும் தவறைக் குறைக்கப் பிறந்தது. இரண்டாவது வேகத்தில் வரும் தவறைக் குறைக்கப் பிறந்தது. இரண்டும் வேறு வேறு கோடுகள். ஆனால் 3.9324-ஐ 0.1656-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 0.651. நம் ஆர் ஸ்கொயரேதான். அது 1 ஆக இருந்தால் மட்டுமே ஒரு கோட்டைத் திருப்பினால் மற்றொன்று கிடைக்கும். 1-ஐவிட எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு இரண்டும் விலகி நிற்கும்.

அதனால் உங்கள் கட்சிக்காரரின் காரைப் பற்றி யாராவது 3.93-ஐத் தலைகீழாக்கி வேகத்தைச் சொன்னால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியாக அவர் எந்தக் கோட்டைப் போட்டார் என்று கேளுங்கள். இரண்டாவதாக, கார் எந்த ஆண்டு மாடல் என்று. நம் தரவின் கார்கள் எல்லாம் நூறு வயதை நெருங்கியவை.